அடுத்தது தீ விபத்துதானே?

என் ஓரகத்தி கதைப் புத்தகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்று இருப்பவள். நான் எழுதப் போகும் நாவலின் கதையை முதன்முதலில் அவளிடம்தான் சொன்னேன். சமையல்கட்டில் அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முக்கால் கதை சொல்லியிருப்பேன். காயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அடுத்தது என்ன, கொட்டகை தீப்பிடிச்சு எரிஞ்சுடுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அடுத்தது தீ விபத்துதான்!

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன்.

"இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியா நடந்துடுத்து. இப்போ ஏதாவது கெட்டது நடந்தாகணுமே. தீ இல்லேன்னா ஆக்சிடெண்ட். வேற என்ன இருக்கு?" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவள் குற்றம் கண்டுபிடித்தது என் கதையை மட்டுமல்ல, நான் கதையை அமைத்த முறையையும்தான். அதைச் சரிசெய்ய நான் செய்ததைச் சொல்கிறேன். நாவல் எழுத ஆசைப்படும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

நான் பின்பற்றிய முறைக்கு 'பீட் ஷீட்' என்று பெயர். கதை எங்கெங்கே திரும்புகிறது என்பதை ஒரே தாளில் வரிசையாகக் குறித்து வைப்பது. இது சினிமாவிலிருந்து வந்த பழக்கம். ப்ளேக் ஸ்னைடர் என்ற அமெரிக்கத் திரைக்கதாசிரியர் 2005-ல் 'சேவ் தி கேட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 110 பக்கத் திரைக்கதையை 15 கட்டங்களாகப் பிரித்து, எது எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். 2018-ல் ஜெசிகா ப்ரோடி என்ற எழுத்தாளர் அதையே நாவலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார்.

பதினைந்தையும் சொல்லி உங்களைக் குழப்பமாட்டேன். ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, கதாநாயகி இப்போது எப்படி இருக்கிறாள் என்று காட்டும் தொடக்கக் காட்சி. இரண்டாவது, அவள் வாழ்க்கையைப் புரட்டும் ஒரு நிகழ்ச்சி. 300 பக்க நாவலில் இது சுமார் 30-ஆம் பக்கத்தில் வரும். மூன்றாவது, நடுப்பகுதி, 150-ஆம் பக்கத்தை ஒட்டி ஒரு பெரிய வெற்றியோ தோல்வியோ வந்து கதையின் போக்கு மாறும். நான்காவது, 225-ஆம் பக்கத்தை ஒட்டி 'எல்லாம் போச்சு' என்ற கட்டம். ஐந்தாவது, தொடக்கக் காட்சிக்குப் பதில் சொல்வதுபோல் அமையும் கடைசிக் காட்சி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாரம் பூர்த்தி செய்வதுபோல் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரு சம்பவத்தை எழுதினேன். அலமேலு, வயது 50, மாயவரம். கணவர் காலமாகிறார், 30-ஆம் பக்கம். பக்கத்து வீட்டுப் பர்வதத்தோடு சேர்ந்து விசேஷ வீடுகளுக்குச் சமையல் ஒப்புக்கொள்கிறாள். பெரிய கல்யாண ஆர்டர் வருகிறது, 150-ஆம் பக்கம். சமையல் கொட்டகை எரிகிறது, 225-ஆம் பக்கம். ஊரார் உதவியோடு மறுபடி எழுந்து நிற்கிறாள், முடிவு.

பாருங்கள், கட்டங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருக்கின்றன. ஆனால் அலமேலு எங்கே? அவளை எடுத்துவிட்டு யாரை உட்கார வைத்தாலும் இதே கதை நடக்கும். அந்தத் தீக்கும் அலமேலுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 225-ஆம் பக்கத்தில் ஒரு துன்பம் வேண்டுமே என்பதற்காக நான் பற்றவைத்த தீ அது. அதைத்தான் என் ஓரகத்தி மோப்பம் பிடித்துவிட்டாள்.

அப்படியானால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அதற்குமுன், இந்த முறையைக் கேள்விப்பட்டே இராத ஒரு எழுத்தாளரை எடுத்துச் சோதித்துப் பார்ப்போமே என்று, ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்தேன். மொத்தம் 61 அத்தியாயங்கள். டார்ஸி முதன்முறை எலிசபெத்திடம் தன்னை மணந்துகொள்ளக் கேட்டு, அவள் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது 34-ஆவது அத்தியாயம். பாதியைச் சற்றே தாண்டிய இடம். தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போன செய்தி வருவது 46-ஆவது அத்தியாயம். மிகச் சரியாக முக்கால் பங்கு!

ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போது, 'ஓகோ, முக்கால் பங்கு வந்துவிட்டது, அதனால் துன்பம்' என்று நமக்குத் தோன்றுவதில்லை. காரணம் என்ன? விக்கம் எப்படிப்பட்டவன் என்பது எலிசபெத்துக்கு முன்பே தெரியும். டார்ஸியின் கடிதத்தில் படித்திருக்கிறாள். ஊருக்குத் திரும்பியதும் அக்கா ஜேனிடம் கலந்து பேசி, இதை யாரிடமும் சொல்வதில்லை என்று 40-ஆவது அத்தியாயத்தில் முடிவு செய்கிறாள். அந்த மௌனத்தின் பலன்தான் 46-ஆவது அத்தியாயம். 'நான் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா' என்று அவளே தன்னை நொந்துகொள்கிறாள். துன்பம் வானத்திலிருந்து விழவில்லை. அவள் எடுத்த முடிவிலிருந்து முளைத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பிங்லி என்ற பணக்கார வாலிபன் ஊருக்கு வரும் செய்தி முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு தாண்டட்டும் என்று ஆஸ்டின் காத்திருக்கவில்லை. ஆகவே பக்க எண் சட்டமல்ல. ஏதோ ஒன்று திரும்பவேண்டிய சமயம் இது என்று தாள் நமக்கு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். என்ன திரும்புகிறது என்பதைப் பாத்திரத்திடம்தான் கேட்கவேண்டும்.

அப்படியே கேட்டேன். தாளில் கட்டங்களைத் தொடுவதற்கு முன் இரண்டே வாக்கியங்கள் எழுதினேன். அலமேலுவுக்கு என்ன வேண்டும்? கணவர் அடமானம் வைத்துவிட்டுப் போன வீட்டை மீட்கவேண்டும். அவள் மனத்தில் ஊறிப்போன தப்பான எண்ணம் எது? 'யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது, கேட்டால் மதிப்புப் போய்விடும்.' இந்த இரண்டாவது வாக்கியம் கிடைக்கத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கிடைத்த பிறகு கட்டங்கள் தாமாகவே பேச ஆரம்பித்தன.

தொடக்கக் காட்சி: பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கியவள், அன்று சாயங்காலமே அதைக் கோபுரமாக நிரப்பித் திருப்பிக் கொடுக்கிறாள். புரட்டும் நிகழ்ச்சி கணவரின் மரணம் அல்ல. காரியங்கள் முடிந்த மறுநாள், கடன் கொடுத்தவர் பத்திரத்தோடு வந்து திண்ணையில் உட்காருகிறார்.

நடுப்பகுதிக் கல்யாண ஆர்டரை அப்படியே வைத்துக்கொண்டேன். 400 பேர், இரண்டு நாள் சமையல். "அட்வான்ஸ் கேட்டு வாங்கிடு அலமேலு" என்கிறாள் பர்வதம். இவளுக்கு வாய் வரவில்லை. ஆகையால் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மளிகை வாங்குகிறாள். 'அட்வான்ஸ் வந்துவிட்டது' என்று பர்வதத்திடம் ஒரு பொய்யும் சொல்கிறாள். கல்யாணம் அமோகமாக நடக்கிறது. சாம்பாரைப் புகழாதவர் இல்லை. வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்குள் ஒரு பொய் இருக்கிறது.

கல்யாண வீட்டார் பணத்தை இன்று நாளை என்று இழுக்கிறார்கள். இவள் கேட்கமாட்டாள். ஆகையால் வட்டி கட்ட, பர்வதம் நம்பிக் கொடுத்துவைத்த சீட்டுப் பணத்தில் கைவைக்கிறாள். ஆனால் பர்வதத்துக்கு அதே வாரம் பணம் தேவைப்படுகிறது. 225-ஆம் பக்கத்தில் தீ இல்லை, விபத்து இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடீ?" என்கிறாள் பர்வதம். அவ்வளவுதான். மறுநாள் முதல் அவள் வரவில்லை.

இங்கே நான் உபயோகித்த சிறு உபாயத்தைக் கவனித்தீர்களா? ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 'ஆகையால்' அல்லது 'ஆனால்' போட்டு வாசித்தேன். பழைய தாளில் எல்லா இடத்திலும் 'அப்புறம்'தான் பொருந்தியது. 'ஆர்டர் வந்தது, அப்புறம் தீப்பிடித்தது.' ஓரிரண்டு 'அப்புறம்' இருந்தால் பாதகமில்லை. ஆனால் பெரிய திருப்பத்துக்கு முன்னால் 'அப்புறம்' வந்தால், அந்தச் சம்பவம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெரிய கட்டத்துக்கும் முதலில் தோன்றுவதை எழுதி, அதை அடித்துவிட்டு, இன்னும் இரண்டு யோசிப்பேன். முதலில் நமக்குத் தோன்றுவது வாசகிக்கும் முதலில் தோன்றும்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் பல நாள் தவித்தேன். வீடு மீட்கப்பட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அலமேலுவின் கதை வீட்டைப் பற்றியது இல்லையே! ஆகையால் வீடு கைவிட்டுப் போகிறது. அதற்குமுன் அவள் பர்வதத்தின் வாசற்படியில் நின்று, வாழ்நாளில் முதன்முறையாக, "எனக்கு உதவி வேணும்" என்று கேட்கிறாள். கடைசிப் பக்கத்தில், குடிபோன சின்ன வீட்டின் அலமாரியில் பர்வதத்தின் டம்ளர் மூன்று நாளாகத் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருக்கிறது.

இந்தத் தாள் எல்லா நாவலுக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்திக்கு ஓர் ஆசை, அதற்குத் தடை, அதனால் மாற்றம் என்று போகும் கதைக்குத்தான் இது சட்டை தைத்தாற்போல் பொருந்தும். மூன்று தலைமுறைக் கதையையோ, ஒரு தெருவில் உள்ள எல்லாரையும் சுற்றிவரும் கதையையோ இதற்குள் திணித்தால், சிலரைக் காரணமில்லாமல் சின்னவர்களாக்கும்படி ஆகிவிடும்.

தாளை ஒருமுறை எழுதி மூடி வைத்தாலும் போதாது. நான் 100 பக்கம் எழுதிய பிறகு திரும்பிப் பார்த்தபோது, சும்மா துணைக்கு வந்த பர்வதம் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரியாகி இருந்தாள். அவளை ஏமாற்றுவது இப்போது அவ்வளவு சுலபமில்லை. ஆகையால் பின்பாதிக் கட்டங்களை மாற்றி எழுதினேன். எழுதிய பக்கங்களுக்கும் தாளுக்கும் சண்டை வந்தால், நான் பக்கங்களின் கட்சி.

போன வாரம் புதுக் கதையை ஓரகத்தியிடம் சொன்னேன். இந்தத் தடவை வெண்டைக்காய். கல்யாணம் முடிந்து எல்லோரும் சாம்பாரைப் புகழ்கிற இடத்தில் நிறுத்தி, "அடுத்தது என்ன, சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தெரியலியே... ஆனா அந்தப் பொய் சும்மா விடாதே!" என்றாள்.

எனக்கு அது போதும்.