ஒரே கணினி, இரண்டு பேர்: யாருடைய இணைப்பு அறும்?

ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம். கணக்குகள் எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ உள்ள ஒரே கணினியில் இருக்கின்றன. மாலையில் கணக்கர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார். அதே நேரத்தில் ஆடிட்டரும் வெளியூரிலிருந்து நுழையப் பார்க்கிறார். என்ன நடக்கும்?

அது அவர் எந்தப் பெயரில் நுழைகிறார் என்பதைப் பொறுத்தது. இருவருக்கும் ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்றால், கணக்கரின் இணைப்பு கேள்வியில்லாமல் அறுந்துவிடும். அவர் திறந்து வைத்திருந்த திரை அப்படியே ஆடிட்டர் முன் வந்து நிற்கும். கணக்கர் மறுபடி நுழைந்தால் ஆடிட்டரின் இணைப்பு போகும். நாள் முழுவதும் இருவரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

பெயர்கள் வேறு வேறாக இருந்தால் விண்டோஸ் கொஞ்சம் மரியாதை காட்டும். ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார், தொடரலாமா என்று ஆடிட்டரைக் கேட்கும். அவர் சரி என்றால் கணக்கரின் திரையில் அனுமதி கேட்டு ஓர் அறிவிப்பு வரும். கணக்கர் மறுத்தால் ஆடிட்டர் நுழைய முடியாது. 30 நொடிகளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கணக்கரின் இணைப்பு போய்விடும்.

இணைப்புதான் போகும், வேலை போகாது. கணக்கர் திறந்திருந்த எக்செல் கோப்பு பின்னணியில் திறந்தே இருக்கும். அவர் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொல்லையும் இங்கேதான். அதே கோப்பை ஆடிட்டர் திறந்தால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று எக்செல் சொல்லும். யார் அந்த ஆள் என்று பார்க்க, கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டலாம்:

```
quser
```

பட்டியலில் STATE என்ற பத்தியில் Disc என்று இருப்பவர், இணைப்பு அறுந்தும் வெளியேறாதவர். ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி மூடுகிறவர்களும் இப்படித்தான் உள்ளேயே தங்கிவிடுகிறார்கள். முழுதாக வெளியேற Sign out கொடுக்க வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் தனித்தனித் திரையில் வேலை செய்தாக வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வர் வேண்டும். அதில் நிர்வாக வேலைக்காக இருவர் தொலைவிலிருந்து சேர்ந்து நுழையலாம். அங்கும் ஒரு பயனருக்கு ஓர் அமர்வுதான் என்பது இயல்பான அமைப்பு என்பதால், இருவரும் ஒரே பெயரில் வந்தால் பழைய கதைதான். அன்றாட அலுவலக வேலைக்குப் பலர் நுழைவதாக இருந்தால், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸை நிறுவி, ஆளுக்கோ கருவிக்கோ ஓர் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் 120 நாட்கள் ஓடும். அதன் பிறகு இணைப்பு மறுக்கப்படும்.

சாதாரண விண்டோஸிலேயே இதைச் செய்துதருவதாகச் சொல்லும் ஒட்டு மென்பொருட்கள் இணையத்தில் உண்டு. அவை உரிம விதியை மீறுபவை. விண்டோஸ் அப்டேட் வந்ததும் பல நேரம் நின்றுபோகும். கணக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றை ஏற்ற வேண்டாம். சர்வர் வாங்கும் வரை ஆளுக்கொரு பயனர் பெயர் வையுங்கள். வேலை முடிந்ததும் Sign out கொடுங்கள்.