ஆபீஸ் மொட்டை மாடியில் இருந்து பரவும் நிமோனியா கிருமி

குன்றத்தூர்:-

குன்றத்தூர் பக்கம் இருந்து கம்பெனி வேனில் பெரிய ஏ.சி. ஆபீசுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பல கட்டிடங்களின் மொட்டை மாடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் 'கூலிங் டவர்'.

ஏ.சி. எந்திரத்தின் சூட்டை வாங்கி வரும் தண்ணீர், அங்கே பெரிய பேன் காற்றில் ஆறுகிறது. வெதுவெதுப்பான இந்தத் தண்ணீரில் பாசி, துரு சேர்ந்தால் 'லெஜியோனெல்லா' என்ற கிருமி பெருகும். சாரலோடு பறக்கும் கிருமியை சுவாசித்தால் கடும் நிமோனியா தாக்கும்.

வழிப்போக்கரும் தப்பவில்லை

லண்டன் பி.பி.சி. அலுவலகத்தில் 1988-ல் இதுதான் நடந்தது. 70-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 3 பேர் இறந்தனர். ரோட்டில் நடந்து போனவர்களையும் கிருமி விடவில்லை.

நீண்ட லீவில் தேங்கிய தண்ணீரை மாற்றாமல், குளோரின் போடாமல் டவரை ஓட விடுவது ஆபத்து. டவரைக் கழுவும் தொழிலாளிக்கு நல்ல சுவாசக் கவசம் கட்டாயம் வேண்டும். ஸ்பிலிட் ஏ.சி.க்கு கூலிங் டவர் கிடையாது என்பதால், அதில் இந்த வழியாகக் கிருமி வராது.

காய்ச்சல், இருமலோடு மூச்சு வாங்கினால், வேலை பார்க்கும் இடத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பென்சிலின் வகை மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது.