வெளியேறுவதா, உள்ளே இருப்பதா?

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. பன்னிரண்டு மாடிகள் கொண்ட வீவக புளோக் ஒன்றின் வெற்றுத்தளத்தில் குடியிருப்பாளர்கள் ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தனர். வசிப்போர் குழுவின் தொண்டூழியர் ஒருவர் தீப்பாதுகாப்பு விளக்கவுரையைத் தொடங்கினார்.

“நம் புளோக்கில் ஒரு வீட்டில் தீப்பிடித்துவிட்டது. உடனே என்ன செய்வீர்கள்?” என்று அவர் கேட்டார்.

“வீட்டைவிட்டு ஓடிவிடுவேன்” என்றார் ஓர் இளையர். பலர் தலையசைத்தனர்.

“சில வேளைகளில் அது சரி. சில வேளைகளில் அதுவே ஆபத்து. எது எப்போது சரி என்பதை ஒரு சூழலைக் கொண்டு பார்ப்போம்” என்றார் தொண்டூழியர்.

எட்டாம் மாடியில் தீ

அவர் கூறிய சூழல் இது. நள்ளிரவு இரண்டு மணி. எட்டாம் மாடி வீடு ஒன்றின் வரவேற்பறையில், வாசற்கதவுக்கு அருகில், மின்மிதிவண்டியின் மின்கலம் மின்னூட்டம் பெற்றுக்கொண்டிருக்கிறது. மின்கலத்தில் ஏற்பட்ட பழுதால் அதன் வெப்பம் கூடுகிறது. அந்த வெப்பம் மேலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. சிறிது நேரத்தில் புகையும் தீயும் பீறிட்டு வெளிவருகின்றன.

படுக்கையறையில் உறங்குபவர்களுக்குப் புகையின் வாடை எட்டாமல் போகலாம். ஆழ்ந்த உறக்கத்தில் மூக்கு மனிதரை எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. காதுதான் எழுப்பும். அதனால்தான் கூரையில் பொருத்தப்படும் புகை எச்சரிக்கைக் கருவி முக்கியமாகிறது. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல் புதிய வீடுகளில் இக்கருவியைப் பொருத்துவது கட்டாயமாகியுள்ளது. பழைய வீடுகளில் இருப்போர் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தால் அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கருவி ஒலிக்கிறது. குடும்பத்தினர் விழித்துக்கொள்கின்றனர். ஆனால், தீ எரிவது வாசற்கதவின் அருகில். வெளியே செல்ல வேறு வழி இல்லை. தீயைத் தாண்டி ஓட முயன்றால் தீக்காயமும் மூச்சுத்திணறலும் நேரும். எனவே, அவர்கள் தீயிலிருந்து விலகிய படுக்கையறைக்குள் சென்று கதவை மூட வேண்டும். கதவின் அடி இடைவெளியை ஈரத்துண்டாலோ போர்வையாலோ அடைக்க வேண்டும். பிறகு 995 எண்ணை அழைத்து, புளோக் எண், தெருவின் பெயர், மாடி, வீட்டு எண், எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவற்றைச் சொல்ல வேண்டும். சன்னலருகே நின்று வெளிர்நிறத் துணியை அசைத்தால் கீழே இருக்கும் மீட்புப் பணியாளர்கள் அந்த அறையை அடையாளம் காண்பர். சன்னலிலிருந்து குதிக்கவோ இறங்கவோ முயலக்கூடாது.

அண்டைவீட்டார் என்ன செய்ய வேண்டும்?

“நாங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால்?” என்று ஒருவர் கேட்டார்.

தொண்டூழியர் விளக்கினார்: “வீவக வீடுகளின் சுவர்களும் தளங்களும் கான்கிரீட்டால் ஆனவை. ஆகவே, தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எளிதில் தாவாது. புகை அப்படியல்ல. திறந்த கதவு வழியாக அது நடைபாதைக்கு வந்துவிடும். புகையில் கரிம ஓராக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைச் சுவாசித்தால் தலை சுற்றும், பிறகு நினைவு தவறும். ஆகவே, கதவைத் திறக்கும் முன் புறங்கையால் அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். சூடு இல்லையென்றால் சிறிதளவு திறந்து நடைபாதையைப் பாருங்கள். புகை இல்லையெனில், கதவை மூடிவிட்டு, தீயிருக்கும் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்திலுள்ள படிக்கட்டு வழியாக இறங்குங்கள். புகை அடர்ந்திருந்தால், கதவை மூடி, உள்ளேயே இருந்து 995ஐ அழையுங்கள்.”

நடைபாதையின் ஒரு பக்கம் வெளியை நோக்கித் திறந்திருந்தால் புகை காற்றில் கலைந்துவிடும். நாற்புறமும் சுவர் சூழ்ந்த மின்தூக்கிக் கூடத்தில் அது தேங்கி நிற்கும். தம் மாடியில் உள்ளது எந்த வகை என்பதைக் குடியிருப்பாளர்கள் பகலிலேயே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். “தம்பி, எனக்கு முட்டிவலி. பதினோராம் மாடியிலிருந்து படியில் இறங்க என்னால் முடியாதே!”

“பாட்டி, தீ உங்கள் வீட்டில் இல்லையென்றால், கதவை மூடிக்கொண்டு 995ஐ அழைத்து, இறங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். உங்களைத் தேடி வருவார்கள். உங்கள் நிலையை இன்றே அண்டைவீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்” என்றார் தொண்டூழியர்.

புதிர்ப்போட்டி

விளக்கவுரை முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன.

1. தீப்பிடித்த வீட்டைவிட்டு வெளியேறும்போது கதவை என்ன செய்ய வேண்டும்?
(அ) தீயணைப்பாளர்களுக்காகத் திறந்து வைக்க வேண்டும்
(ஆ) பூட்டாமல் மூட வேண்டும்
(இ) பூட்டிவிட வேண்டும்

விடை: (ஆ). மூடிய கதவு புகையை வீட்டுக்குள்ளேயே தடுத்து நிறுத்தி, மற்றவர்கள் இறங்குவதற்கு நேரம் தருகிறது. பூட்டாமல் இருந்தால் தீயணைப்பாளர்கள் விரைவில் நுழையலாம்.

2. மின்தூக்கி வேலை செய்துகொண்டிருக்கிறது. அதில் இறங்கலாமா?
(அ) ஒருவர் மட்டும் இறங்கலாம்
(ஆ) கீழ்மாடிகளில் இருப்போர் இறங்கலாம்
(இ) யாரும் இறங்கக் கூடாது

விடை: (இ). மின்சாரம் தடைப்பட்டால் மின்தூக்கி பாதி வழியில் நின்றுவிடும். அது செல்லும் கூண்டுவழியில் புகையும் ஏறலாம்.

3. நடைபாதையில் பொருள்களை வைத்தால், நடப்பதற்குக் குறைந்தது எவ்வளவு அகலம் விட வேண்டும்?
(அ) 60 சென்டிமீட்டர்
(ஆ) 90 சென்டிமீட்டர்
(இ) 1.2 மீட்டர்

விடை: (இ). நடைபாதை குறுகினால் தீயணைப்பாளர்கள் குழாய்களுடனும் தூக்குப்படுக்கையுடனும் விரைந்து செல்ல முடியாது. புகை சூழ்ந்த இருளில் செருப்பு அலமாரிகூட ஒருவரைத் தடுக்கி விழவைத்துவிடும்.

மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலோர் தவறாகவே விடையளித்தனர். “இன்றிரவு வீட்டுக்குச் செல்லும்போது உங்கள் வாசலை அளந்து பாருங்கள். இரும்புக்கதவின் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்” என்று கூறித் தொண்டூழியர் உரையை முடித்தார்.

கூட்டம் கலைந்தது. முதலில் “ஓடிவிடுவேன்” என்று கூறிய இளையர் எட்டாம் மாடிக்குச் சென்றார். தம் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் மின்னூட்டம் ஏறிக்கொண்டிருந்த மின்மிதிவண்டி அவர் கண்ணில் பட்டது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, வண்டியை வாசலிலிருந்து அப்பால் தள்ளி வைத்தார். இனி, எல்லாரும் விழித்திருக்கும் மாலை நேரத்தில் மட்டுமே மின்னூட்டம் செய்வதென்று அன்றிரவே வீட்டாரிடம் சொன்னார்.