வீடு விற்ற நஷ்டத்துக்கு எட்டு ஆண்டு ஆயுள்

நாற்பத்து நான்கு லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை ஐம்பத்திரண்டு லட்சத்துக்கு விற்றவரிடம், "உங்களுக்கு நஷ்டம்" என்று சொன்னால் நம்ப மாட்டார். ஆனால் 2024 ஜூலை 22 வரை நடந்த விற்பனைகளுக்கு வருமான வரிச் சட்டம் அப்படித்தான் கணக்குப் பார்த்தது. லாபம் இல்லையென்றால் வரியும் இல்லை என்று அந்த விற்பனையை ரிட்டர்னில் காட்டாமலே விட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் விட்டது வெறும் கணக்கை அல்ல, பிற்பாடு வரக்கூடிய லட்சக்கணக்கான லாபத்தை வரியிலிருந்து காக்கக்கூடிய உரிமையை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2013-14 நிதியாண்டில், பத்திரச் செலவு உட்பட 44 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்குகிறார். 2023 பிப்ரவரியில் 52 லட்சத்துக்கு விற்கிறார். இடையில் விலைவாசி ஏறியிருப்பதால், வாங்கிய விலையை அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொள்ள அப்போது சட்டம் இடம் கொடுத்தது. வாங்கிய ஆண்டின் குறியீடு 220, விற்ற ஆண்டின் குறியீடு 331. ஆகவே 44 லட்சம் 66.2 லட்சமாகிறது. விற்ற விலை 52 லட்சம்தான். 14.2 லட்சம் நஷ்டம். இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் இருந்த சொத்து என்பதால் இதற்கு நீண்ட கால மூலதன நஷ்டம் என்று பெயர்.

இந்த நஷ்டத்தைச் சம்பளத்திலோ, பென்ஷனிலோ, வங்கி வட்டியிலோ கழிக்க முடியாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வீட்டுக் கடன் வட்டியால் வருகிற நஷ்டத்தைப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாமே என்று கேட்பார்கள். அது வீட்டு வருமானம் என்ற தலைப்பின் கீழ் வரும் நஷ்டம். வீட்டை விற்றதால் வரும் நஷ்டம் மூலதன ஆதாயம் என்ற வேறு தலைப்பைச் சேர்ந்தது. மூலதன நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் மட்டுமே ஈடுகட்ட முடியும். அதிலும் ஒரு பிரிவு உண்டு. குறுகிய கால நஷ்டத்தை இரு வகை ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்கலாம். நம் ஃபிளாட்காரர் அடுத்த ஆண்டே பங்குகளை நாலைந்து மாதத்தில் வாங்கி விற்று லாபம் பார்த்திருந்தால், அதற்கு முழு வரியும் கட்டியே ஆக வேண்டும். 14.2 லட்சம் அசையாமல் அப்படியே இருக்கும்.

ஆனால் ஆதாயம் வீடு, மனையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அவர் பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய தங்கத்தை 2025 டிசம்பரில் விற்று 9 லட்சம் ஆதாயம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12.5 சதவீதம் என்றால் 1,12,500 ரூபாய் வரி, செஸ் தனி. பழைய ஃபிளாட் நஷ்டத்தில் 9 லட்சத்தை இங்கே கழித்துக்கொண்டால் இந்த ஆதாயத்துக்கு வரி பூஜ்யம். மீதி 5.2 லட்சம் நஷ்டம் இன்னும் கையில் நிற்கும். எதுவரை? நஷ்டம் ஏற்பட்ட மதிப்பீட்டு ஆண்டு 2023-24. அதற்கு அடுத்து எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள். அதாவது 2031 மார்ச் 31க்குள் நடக்கும் விற்பனைகள் வரை. அதற்குள் தீராத பாக்கி அதோடு போயிற்று. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் எட்டு ஆண்டு வரம்பு தொடர்கிறது.

இவ்வளவும் கிடைக்க ஒரே ஒரு நிபந்தனை, கடுமையான நிபந்தனை. நஷ்டம் ஏற்பட்ட ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு அந்த ஆண்டு அது 2023 ஜூலை 31. அபராதம் கட்டி டிசம்பர் வரை தாமத ரிட்டர்ன் போடலாம், வரியும் திரும்பப் பெறலாம், ஆனால் மூலதன நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்லும் உரிமை போய்விடும். வீட்டுக் கடன் வட்டி நஷ்டத்துக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது. அதனால்தான் "தாமதமாகப் போட்டாலும் நஷ்டம் வருமே" என்று ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் நம்பி ஏமாறுகிறார். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில். கெடு தேதிக் கண்டிப்பு நஷ்டம் ஏற்பட்ட ஆண்டுக்குத்தான். அதன்பின் வரும் ஆண்டுகளில் ரிட்டர்ன் தாமதமானாலும் பழைய நஷ்டம் அழியாது.

சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ITR-1 படிவத்தில் இந்த நஷ்டத்துக்கு இடமே இல்லை. ITR-2 போட வேண்டும். அதில் Schedule CFL என்ற பட்டியலில் எந்த ஆண்டு நஷ்டம், எவ்வளவு, ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதி என்ன என்று ஆண்டுவாரியாக இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பட்டியலை அடுத்த ரிட்டர்னுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆடிட்டரை மாற்றும்போது இது விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. தம்பதியர் கூட்டாக வாங்கிய வீடென்றால் நஷ்டமும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரியும். இருவருமே தனித்தனியாக ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

நஷ்டம் சுருங்கிப் போகும் ஓர் இடம் உண்டு. பத்திரத்தில் உள்ள விலையைவிடச் சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரித் துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால், கையில் வந்தது 52 லட்சமே ஆனாலும் நஷ்டம் 6.2 லட்சமாகக் குறைந்துவிடும். சந்தை விலை உண்மையிலேயே அவ்வளவுதான் என்றால் துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை விற்றவருக்கு இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு.

2024 ஜூலை 23 முதல் விதி மாறிவிட்டது. குறியீட்டால் விலையை உயர்த்தும் வசதி எடுக்கப்பட்டு வரி 12.5 சதவீதமானது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு மட்டும், இங்கே வசிக்கும் தனிநபர்கள் பழைய முறை, புதிய முறை இரண்டில் வரி எதில் குறைவோ அதைக் கட்டலாம். அதே ஃபிளாட்டை 2024 ஆகஸ்டில் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய முறையில் நஷ்டம்தான், ஆகவே வரி ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சலுகை வரித் தொகையைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அது 8 லட்சம் ஆதாயம். முன்னெடுத்துச் செல்ல நஷ்டம் என்று எதுவும் மிஞ்சாது. இனி வாங்கிய விலைக்குக் கீழே விற்றால்தான் நஷ்டம்.

ஆகவே பழைய விதியில் பதிவான நஷ்டங்கள் இனிப் புதிதாகக் கிடைக்காதவை. 2024 ஜூலை 22க்கு முன் வீடோ மனையோ விற்றவர்கள், அடுத்து எதையாவது விற்பதற்கு முன், விற்ற ஆண்டின் ரிட்டர்னை வருமான வரி இணையதளத்திலிருந்து இறக்கி Schedule CFL பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அதில் ஒரு தொகை இருந்தால், எந்த ஆண்டோடு அது காலாவதியாகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.