ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம். சிறிய கம்பெனி ஒன்றின் பேலன்ஸ் ஷீட் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் சாய்வாக எடுத்த படம், ஓரத்தில் விரல் நிழல். இதை எக்செல்லில் ஏற்ற வேண்டும்.

எண்களைத் தொடும் முன் தலைப்பைப் பாருங்கள். ‘ரூபாய் ஆயிரங்களில்’ என்ற பொடி எழுத்தை விட்டுவிட்டால் எல்லாமே ஆயிரம் மடங்கு சுருங்கிவிடும். பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறிப்பு எண் என்றொரு பத்தி இருக்கும். அதிலுள்ள 3, பக்கத்துத் தொகையோடு ஒட்டிக்கொண்டால் 2,500 என்ற பங்கு மூலதனம் 32,500 ஆகிவிடும். 2013 கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி பங்குதாரர் நிதியும் பொறுப்புகளும் மேலே, சொத்துகள் கீழே வரும். படத்தில் உள்ள வரிசையிலேயே ஏற்றுவதுதான் நல்லது.

அச்சிட்ட உபமொத்தங்களையும் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பக்கத்துக் கட்டத்தில் நம் கூட்டலைக் கழித்துப் பார்க்க ஒரு சூத்திரம் போதும்:

```
=SUM(C10:C12)-C13
```

பூஜ்யம் வந்தால் அந்தப் பிரிவு டேலி. வராவிட்டால், வந்த எண்ணே பெரும்பாலும் துப்பு கொடுக்கும்.

நம் கம்பெனியில் பங்கு மூலதனம் 2,500, அடுத்த வரியில் உபரி 640. கூட்டினால் 3,140. அச்சில் இருப்பதோ 1,860. வித்தியாசம் 1,280, அதில் பாதி 640. பாதித் தொகை ஒரு வரியில் அப்படியே இருந்தால் கூட்டல்-கழித்தல் குறியைச் சந்தேகியுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் 640-ஐச் சுற்றி மங்கலாக ஓர் அடைப்புக்குறி. அது உபரியே அல்ல, சேர்ந்துபோன நட்டம்.

நடப்புச் சொத்துகளில் சரக்கு 956, வரவேண்டிய தொகை 615, ரொக்கமும் வங்கி இருப்பும் 200. கூட்டல் 1,771; அச்சில் 1,780. வித்தியாசம் 9. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். சரக்கு உண்மையில் 965.

வித்தியாசம் வெறும் 1 என்றால் கை வைக்காதீர்கள். ஆயிரங்களுக்கு முழுமையாக்கியதில் கம்பெனியே விட்ட இடைவெளியாக இருக்கலாம். டேலி ஆகட்டும் என்று ஏதோ ஒரு வரியில் ஒன்றைக் கூட்டுவது, என் கணக்கில், பொய்யெழுதுவதுதான்.

இப்போது நிதி 1,860, நீண்டகாலக் கடன் 1,200, நடப்புப் பொறுப்புகள் 1,100: மொத்தம் 4,160. எதிரே நிலையான சொத்துகள் 2,380, நடப்புச் சொத்துகள் 1,780: அதுவும் 4,160.

கூட்டலுக்குச் சிக்காத பிழை ஒன்று உண்டு. சாய்ந்த படத்தில் கண் ஒரு வரி வழுக்கி, சரக்கின் தொகை வரவேண்டியதற்கும் அதன் தொகை சரக்குக்கும் போய்விட்டால் எல்லா மொத்தமும் சரியாகவே இருக்கும். அதற்குத்தான் அந்தக் குறிப்பு எண். சரக்குக்கு எதிரே 9 என்றிருந்தால், ஒன்பதாம் குறிப்புள்ள பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதன் கடைசி வரியில் 965 இருக்க வேண்டும்.