இலக்கணத்தை மட்டும் திருத்துங்கள்

சென்னைப் பதிப்பகம் ஒன்றில் பயிற்சி பெறும் கல்லூரி மாணவி, தன் பயிற்சிக் காலத்தை நீட்டிக்கக் கேட்டு வழிகாட்டிக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்புவதற்கு முன் மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டுகிறாள். “இலக்கணம் மட்டும் பாருங்க அக்கா, வேறெதையும் மாத்த வேண்டாம்” என்கிறாள். கடிதம் இதுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, ஏப்ரல் மாதம் முதல் தங்கள் பதிப்பகத்தில் பயிற்ச்சி பெற்று வருகிறேன். தாங்கள் கொடுத்தப் பணிகளில் மூன்று முடிந்தது. மே மாதம் கல்லூரித் தேர்வு நடந்து, நான் பத்து நாள் வரவில்லை. மீதியை முடிக்க பயிற்சி காலத்தை ஒரு மாதம், அதாவது ஜூன் 30-லிருந்து ஆகஸ்ட் 31 வரை நீட்டித்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எந்த சம்பளமும் வேண்டாம்.”

முதல் பிழை எளிது. றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் தமிழில் வராது. ஆகவே ‘பயிற்ச்சி’ அல்ல, ‘பயிற்சி’. ‘முயற்சி’க்கும் இதே கதைதான். ‘மூன்று முடிந்தது’ என்பதும் அப்படியே கண்ணில் படும். முடிந்தவை மூன்று, எனவே ‘முடிந்தன’.

ஒற்று விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். ‘கொடுத்த’, ‘முடிக்க’ இரண்டும் அகரத்தில் முடிகின்றன. ஆனால் ‘கொடுத்த’ என்பது பெயரெச்சம். அது ‘பணிகள்’ என்ற பெயரைத் தழுவுகிறது. அதன் பின் வல்லினம் மிகாது. ‘கொடுத்த பணிகளில்’ என்பதே சரி. ‘முடிக்க’ வினையெச்சம், அதன் பின் வல்லினம் மிகும். இங்கே பலர் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. ‘முடிக்க’வுக்கு அடுத்து நிற்பது ‘பயிற்சி’ என்ற பெயர்ச்சொல். அதைப் பார்த்துவிட்டு ஒற்றை விட்டுவிடுகிறார்கள். அடுத்த சொல்லைப் பார்க்கக் கூடாது, எச்சம் எதில் போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். முடிக்க என்ன செய்ய வேண்டும்? நீட்டித்துத் தர வேண்டும். ஆகவே ‘முடிக்கப் பயிற்சிக் காலத்தை’. ‘நீட்டித்துத் தருமாறு’, ‘எந்தச் சம்பளமும்’ என்ற இரண்டையும் சேர்த்தால் ஒற்றுக் கணக்கு முடிந்தது. இவ்விதிகளை எடுத்துக்காட்டுகளோடு படிக்க விரும்புவோருக்கு அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ இன்றும் கைகொடுக்கும்.

கடிதத்தின் நுட்பமான பிழை மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சமும் அது முடியும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ‘நான் வந்து பார்த்தேன்’ என்பதில் வந்தவரும் பார்த்தவரும் ஒருவரே. ‘தேர்வு நடந்து, நான் வரவில்லை’ என்பதில் நடந்தது தேர்வு, வராதது மாணவி. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற வழக்குக்கு உரையாசிரியர்கள் அமைதி கூறியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாணவியின் வாக்கியம் காதுக்கே இடறுகிறது. காரணப் பொருளும் தெளிவாகவில்லை. ‘நடந்ததால்’ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும். வாக்கியத்தைக் கலைத்துப் புதிதாக எழுதத் தேவையில்லை.

இனி, தொடக் கூடாதவை. ‘பத்து நாள்’ என்பதைப் பார்த்ததும் ‘கள்’ சேர்க்கக் கை துறுதுறுக்கும். அஃறிணைப் பெயர் விகுதி இல்லாமலும் பன்மையை உணர்த்தும். எண் முன்னால் நிற்கும்போது ஐயமே இல்லை. அது பிழையல்ல, எனவே திருத்தமும் இல்லை. ‘தங்கள்’, ‘தாங்கள்’ என்ற மரியாதை கூடுதலாகத் தோன்றினாலும் அது மாணவிக்கும் வழிகாட்டிக்கும் இடையிலான உறவைச் சேர்ந்தது. ‘சம்பளம் வேண்டாம்’ என்பது அவள் முடிவு. உழைப்புக்குக் கூலி கேட்கலாமே என்று தோன்றினால் வாயால் சொல்லலாம், வரியை அடிக்கக் கூடாது. வழிகாட்டி ஏப்ரலிலிருந்து அவள் எழுத்தைப் பார்த்து வருபவர். கடிதம் திடீரென வேறொருவர் நடையில் வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஓரிடம் மட்டும் இரண்டிலும் சேராதது. ஜூன் 30-க்குப் பின் ஒரு மாதம் என்றால் ஜூலையோடு முடிய வேண்டும், ஆகஸ்ட் 31 எப்படி வந்தது? மாதம் தவறா, தேதி தவறா என்பது மாணவிக்குத்தான் தெரியும். ஊகித்து மாற்றினால் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டதாக ஆகிவிடும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘ஒரு மாதமா, இரண்டு மாதமா?’ என்று எழுதித் திருப்பிக் கொடுப்பதே முறை.

ஆக, எட்டுத் திருத்தங்கள், ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை கடிதத்தை அனுப்பச் சொல்லாதீர்கள்.