பாஸ்வேர்டு தெரியும், சம்மதம் இருக்கிறதா?

விவாகரத்துக்காக வழக்கறிஞரைத் தேடிப் போகிறவர்களில் சிலர் கையில் ஒரு கட்டு பிரிண்ட்அவுட் இருக்கும். கணவனின் வாட்ஸ்அப் உரையாடல், அல்லது மனைவியின் வாட்ஸ்அப் உரையாடல். "இதைவிட வேறென்ன சார் ஆதாரம் வேணும்?" என்பார்கள். விவரமறிந்த வழக்கறிஞர் அந்தத் தாள்களைப் புரட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் வழக்கின் போக்கையே மாற்றும். கல்யாணம் ஆகிவிட்டது என்பதாலோ, போன் வாங்கிக் கொடுத்தது நான்தான் என்பதாலோ, லாக் பேட்டர்ன் எனக்கும் தெரியும் என்பதாலோ இன்னொரு பெரியவரின் உரையாடலைப் படிக்க உரிமை வந்துவிடுவதில்லை. போனைப் பயன்படுத்த ஒருவர் அனுமதித்தால், அது அந்தக் காரியத்துக்கான அனுமதி மட்டுமே. "ஒரு போன் பண்ணிக்கோ" என்று நீட்டிய கைபேசியில் மெசேஜ்களைத் திறப்பது வேறு செயல்.

எப்படி நடக்கிறது, எப்படி மாட்டுகிறது

பெரும்பாலும் இதற்கு எந்தக் கணினி வித்தையும் வேண்டாம். ஒரு கணவரை எடுத்துக்கொள்வோம். மனைவி தூங்கும்போது அவரது போனைத் திறந்து, வாட்ஸ்அப்பில் Linked devices பகுதிக்குப் போய், தன் லேப்டாப்பில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். அதன் பிறகு மனைவிக்கு வரும் மெசேஜ்கள் லேப்டாப்பிலும் வரும். இரண்டாவது வழி, போனுக்கு வரும் ஓடிபியைப் பார்த்துக்கொண்டு கணக்குக்குள் நுழைவது. மூன்றாவது, போனுக்குள் ஒரு உளவு செயலியை ரகசியமாக ஏற்றிவிடுவது.

முதல் வழியில் தடயம் அங்கேயே இருக்கிறது. மனைவி அதே Linked devices பக்கத்தைத் திறந்தால், எந்தக் கருவி இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்பது தெரியும். உளவு செயலி இதைவிட ஆபத்தானது. அது திரட்டும் உரையாடல், படம், இருப்பிடம் எல்லாம் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் கணவரிடம் வருகிறது. போலந்தைச் சேர்ந்த லெட்மீஸ்பை என்ற உளவு செயலியின் சர்வரை 2023இல் யாரோ உடைத்து, அதில் சேர்ந்திருந்த தகவல்களை அள்ளிப் போனார்கள். வேவு பார்க்கப்பட்டவர்களின் விவரங்களோடு, வேவு பார்த்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் போயின. ஆக, மனைவியின் அந்தரங்கத்தைத் தான் ஒருவர் மட்டும் பார்ப்பதாகக் கணவர் நினைத்துக்கொண்டிருப்பார். நிஜத்தில் அது முகம் தெரியாதவர்களின் கையிலும் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ அனுமதிக்காமல் ஒரு கணினிக்குள் நுழைவதையும், அதிலிருந்து தகவலை எடுப்பதையும் தடை செய்கிறது. கைபேசியும் இதில் அடங்கும். கெட்ட நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி என்று தனிப் பிரிவே இருக்கிறது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுத் தொடர்பை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றத்தில் சேர்க்கிறது. முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை. மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரை. சூழ்நிலையில் நியாயம் இருந்தது என்று வாதிட அந்தப் பிரிவே இடம் தருகிறது. ஆனால் அந்த நியாயத்தைக் கணவர் நீதிமன்றத்தில் நின்று விளக்க வேண்டியிருக்கும். மனைவி கணவரின் போனைப் பார்த்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருவருக்கும் பொதுவானது.

மகாராஷ்டிரத்தில் 2011இல் அப்படி ஒரு வழக்கு வந்தது. கணவர், மாமனார் இருவரின் மின்னஞ்சல் கணக்குகளை அனுமதியின்றித் திறந்ததாக மருமகள் மீது புகார். விசாரித்த அதிகாரி, அது 43ஆம் பிரிவை மீறிய செயல்தான் என்று முடிவு செய்தார். எடுத்த தகவலைக் காவல்துறையிடமும் நீதிமன்றத்திலும் மட்டுமே கொடுத்திருந்ததால் இழப்பீடு விதிக்கவில்லை. அடையாளமாக 100 ரூபாய் அபராதத்தோடு விட்டார். தொகை சிறியது. ஆனால் குடும்பத்துக்குள் நடந்தாலும் அது மீறல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் தப்பில்லையா?

பலர் குழம்புவது இங்கேதான். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்புப் பட்டியலை எடுத்து, விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரம் செல்லாது என்றார்.

அடுத்த ஆண்டு ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் விபோர் கர்க் வழக்கில் வேறு திசையில் தீர்ப்பளித்தது. மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. "இனி வேவு பார்க்கலாம்" என்பதுபோல இந்தச் செய்தி பலரிடம் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அங்கே பதிவானது கணவர் தானே கலந்துகொண்ட பேச்சு. மனைவி தன் தோழியோடு நடத்திய உரையாடலைத் திருட்டுத்தனமாக எடுப்பது வேறு.

இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டியது 2025 ஜூனில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. மனைவியின் போனில் ஒரு செயலியை ஏற்றி, அவருடைய வாட்ஸ்அப் உரையாடல்களைக் கணவர் எடுத்திருந்தார். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்கமான சாட்சியச் சட்டம் அனுமதிக்காததையும் பார்க்க அந்த நீதிமன்றங்களுக்கு இடம் தருகிறது. அதன்படி உரையாடல்களைத் தாக்கல் செய்ய உயர் நீதிமன்றம் அனுமதித்தது. கூடவே, சட்டத்தை மீறி ஆதாரம் எடுத்தவர் அந்த மீறலுக்கான பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை என்றும் சொன்னது. ஆதாரம் ஏற்கப்படலாம், எடுத்தவர் மீது தனி வழக்கும் வரலாம்.

சான்றிதழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னணு ஆதாரத்தின் நகலைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில், அந்தக் கருவி சட்டப்படியான கட்டுப்பாட்டில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நள்ளிரவில் அடுத்தவரின் போனைத் திறந்தவர் அந்த வரிக்குக் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பொய் சொன்னால் அதுவே இன்னொரு சிக்கல். உண்மை சொன்னால் அது தன் வாயாலேயே கொடுக்கும் வாக்குமூலம்.

படித்த பிறகு என்ன ஆகிறது

நாம் சொன்ன கணவரிடமே திரும்பி வருவோம். லேப்டாப்பில் அவர் கண்ணில் பட்டது ஒரு வரி: "அவருக்குத் தெரிய வேண்டாம், வியாழக்கிழமை பார்த்துக்கலாம்." அதற்கு முன் வந்த குரல் பதிவை அவர் கேட்கவில்லை, சில மெசேஜ்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரி ஒரு உறவைப் பற்றியதாக இருக்கலாம், தங்கைக்குக் கொடுத்த கடனைப் பற்றியதாக இருக்கலாம், ஒரு மருத்துவப் பரிசோதனையைப் பற்றியதாகவும் இருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்க முடியாத இடத்தில் அவர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டுவிட்டார். கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் மனைவியின் முதல் கேள்வியாக இருக்கும்.

எனவே அவர் கேட்காமல் சுற்றி வளைக்கிறார். "வியாழக்கிழமை எங்கேயாவது போறியா?" என்று பொறி வைக்கிறார். மனைவி மழுப்பினால் சந்தேகம் உறுதியாகிறது. உண்மையைச் சொன்னாலும் ஒத்திகை பார்த்த பதில் போலத் தோன்றுகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் படிக்கிறார். மனைவி இணைந்த கருவியைக் கண்டுபிடிக்கும் நாளில் பேச்சு முழுவதும் வேவு பார்த்ததைப் பற்றியே ஆகிவிடுகிறது. அவருடைய சந்தேகம் நியாயமானதாகவே இருந்திருந்தாலும், அதைப் பேச இனி இடமில்லை. இதற்கிடையில் அவர் படித்தது மனைவியின் விஷயத்தை மட்டுமல்ல. மைத்துனியின் கருச்சிதைவு, தோழியின் வேலைப் பிரச்சினை என்று நம்பிக்கையோடு சொல்லப்பட்ட அடுத்தவர்களின் ரகசியங்களும் அதில் இருந்தன. அவர்களில் யாருடைய சம்மதமும் அவரிடம் இல்லை.

நேர்வழிகள்

முதலில், உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் பற்றிய கவலையா? கூட்டுக் கணக்கின் ஸ்டேட்மெண்ட்டைப் பார்க்க யாரையும் ஒளிந்து பார்க்க வேண்டியதில்லை. உடல்நலம் பற்றிய பயமா? தானே பரிசோதனை செய்துகொள்ளலாம். உறவில் விரிசலா? அதற்குப் பதில் மெசேஜில் இல்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குற்றச்சாட்டாக இல்லாமல், கண்ணால் கண்டதையும் தன் மனநிலையையும் மட்டும் சொல்லலாம்: "ரெண்டு மாசமா போன் வந்தா எழுந்து வெளியே போற. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு. என்ன நடக்குதுன்னு சொல்லு, நான் குறுக்கே பேச மாட்டேன்." பதில் வரலாம், வராமலும் போகலாம். பதில் சொல்ல மறுப்பதும் ஒரு தகவல்தான்; அதை வைத்துப் பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று முடிவெடுக்க ஸ்கிரீன்ஷாட் தேவையில்லை.

சில தம்பதிகள் போனை ஒருவருக்கொருவர் காட்ட ஒப்புக்கொள்கிறார்கள். இருவருக்கும் பொதுவாகவும், எதைக் காட்டுவது, எத்தனை நாளுக்கு என்ற வரையறையோடும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமையோடும் இருந்தால்தான் அது சம்மதம். "மறைக்க ஒண்ணும் இல்லைன்னா காட்டு" என்று மிரட்டிப் பெறுவது சம்மதம் ஆகாது. கணவர் மனைவியைக் கட்டாயப்படுத்தி பாஸ்வேர்டு வாங்குவது குடும்ப வன்முறையாகவும் ஆகலாம் என்று சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. இருவராலும் பேச முடியாவிட்டால் மூன்றாமவராகக் குடும்ப ஆலோசகர் ஒருவரை வைத்துப் பேசலாம். குடும்ப நல நீதிமன்றங்களிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

வழக்குதான் வழி என்றால் அங்கேயும் நேரான பாதை இருக்கிறது. உங்களுக்கே வந்த மெசேஜ்கள், நீங்கள் இருக்கும் குழுவின் உரையாடல்கள் உங்களுடையவை; அழிக்காமல், வந்த போனிலேயே வைத்திருங்கள். அடுத்தவரிடம் உள்ள ஆவணமோ, தொலைபேசி நிறுவனத்திடம் உள்ள அழைப்புப் பதிவோ தேவைப்பட்டால், அதை வரவழைக்கும்படி வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் மனு போடலாம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. கிடைத்தால், எப்படி வந்தது என்று யாரும் கேட்க முடியாது. அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை என்பதால் வழக்கறிஞரிடம் இதைச் சீக்கிரமே சொல்ல வேண்டும்.

அடி, மிரட்டல் என்ற நிலை வந்துவிட்டால் அடுத்தவரின் போனில் ஆதாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181. உங்கள் போன்தான் கண்காணிக்கப்படுகிறது என்றால் இணையக் குற்றங்களைப் பற்றிப் புகார் செய்ய www.cybercrime.gov.in இருக்கிறது. ஆனால் அந்தப் போனிலிருந்தே புகார் செய்யாதீர்கள். நம்பிக்கையான இன்னொருவரின் போனைப் பயன்படுத்துங்கள். உளவு செயலியை அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம். நீக்கினால் தடயம் அழியும், ஏற்றியவருக்கும் உடனே தெரிந்துவிடும். முதலில் பாதுகாப்பான இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு போனைக் காவல்துறையிடம் காட்டுவதே முறை.